இரைப்பை அறுவைக்குப் பிறகு வரும் டம்பிங்: எங்கள் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அன்னூர், சோமனூர், கோபி, பல்லடம் எனப் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். புற்றுநோய்க்காகவோ ஆறாத புண்ணுக்காகவோ இரைப்பையை எடுத்தவர்களும், உடல் எடையைக் குறைக்க அறுவை செய்துகொண்டவர்களும் அதில் உண்டு. நோய் வேறாக இருந்தாலும், வீட்டுக்குப் போன சில வாரங்களில் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, எளியவற்றிலிருந்து கடினமானவை வரை பதில் சொல்லியிருக்கிறேன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டம்பிங், டம்பிங்னு சொல்றாங்களே, அப்படீன்னா என்னங்க?

இரைப்பை உணவைச் சேர்த்து வைத்து, கூழாக அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்பும் உறுப்பு. அதன் கீழ்வாயில் உள்ள தசை வளையம் மதகைப் போல வேலை செய்கிறது. நன்றாக அரைபட்டதை மட்டும் சிறிது சிறிதாக விடுவதால், ஒரு வேளைச் சாப்பாடு முழுவதும் இறங்கச் சில மணி நேரம் ஆகும். அறுவையில் அந்த மதகு நீக்கப்பட்டாலோ, அதைச் சுற்றிப் புதுவழி போடப்பட்டாலோ, சாப்பிட்டது சில நிமிடங்களிலேயே சிறுகுடலில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. கொட்டுதல் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். அதனால் உண்டாகும் தொல்லைகளின் தொகுப்பையே டம்பிங் என்கிறோம்.

எந்த ஆபரேஷன் பண்ணுனவங்களுக்கு இது வருமுங்க?

இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மீதியைச் சிறுகுடலோடு இணைத்தவர்களுக்கும், முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கும், எடை குறைப்புக்காகப் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கும் அதிகம் வருகிறது. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தவர்களுக்கும் வரலாம். இரைப்பையைக் குழாய் போலக் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் கீழ்வாய் அப்படியே இருப்பதால் வாய்ப்பு குறைவு. ஆனால் வராது என்று சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன அறுவை செய்யப்பட்டது என்பது டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்பட்டிருக்கும். எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பிட்ட உடனே நெஞ்சு படபடங்குது, வயிறு உருட்டுது. ரெண்டு மணி நேரங்கழிச்சு கை நடுங்கி வேர்க்குது. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. இந்தப் பக்கம் முழுவதிலும் நினைவில் வைக்க வேண்டியது இந்த வேறுபாடுதான். முதலாவது, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வரும் முந்திய டம்பிங். அடர்த்தியான உணவு, குறிப்பாக இனிப்பு, குடலில் விழுந்ததும் அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. குடலும் சில ஹார்மோன்களை ஒரேயடியாகச் சுரக்கிறது. வயிற்று உப்புசமும் உருட்டலும் பேதியும் ஒரு பக்கம், இரத்த ஓட்டத்தில் நீர் குறைவதால் படபடப்பும் தலைச்சுற்றலும் படுத்தே ஆகவேண்டும் என்ற களைப்பும் மறுபக்கம் என இரண்டும் சேர்ந்து வரும்.

இரண்டாவது, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வரும் பிந்திய டம்பிங். மாவுச்சத்தும் இனிப்பும் வேகமாக உறிஞ்சப்பட்டு இரத்தச் சர்க்கரை குபீரென்று ஏறுகிறது. அதைக் கண்ட உடல் தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. சர்க்கரை முழுவதும் உறிஞ்சப்பட்ட பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருப்பதால் சர்க்கரை தாழ்ந்து போய், நடுக்கம், வியர்வை, கடும் பசி, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம் வருகின்றன. இதில் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முந்தியது அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் மிகுந்து, பலருக்கு நாளடைவில் தணிகிறது. பிந்தியது, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, ஒரு வருடமோ அதற்கு மேலோ கழித்துப் புதிதாகத் தொடங்கக்கூடும். அறுவை செய்து இரண்டு வருடம் ஆகிவிட்டதே, இப்போது வரும் நடுக்கத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சாப்பிடறப்போ தண்ணி குடிக்கக் கூடாதுங்கறாங்க. ரசம், மோரு ஊத்தாம எப்படிங்க சோறு எறங்கும்?

நீர் சேர்ந்தால் உணவு இன்னும் வேகமாக வழுக்கிக்கொண்டு இறங்கும், தடை அதற்காகத்தான். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து குறைந்தது 30 நிமிடம் கழித்துக் குடியுங்கள். சோற்றைத் தளதளவென்று ரசத்தில் கரைத்து உண்பதைவிட, கெட்டிப் பருப்போடு பிசைந்து, ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று விழுங்குவது நல்லது. நம் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய விடாமல் உதிரியாக ஆக்கி, ஒரு சிறு கரண்டி அளவு, ஒரு முட்டையோடு உண்டால் ஒரு வேளைக்குப் பொருத்தமான உணவு.

நீரை விலக்குவது உணவு நேரத்துக்கு மட்டுமே. பேதி ஆகிறவர்கள் தண்ணீரையே குறைத்துக்கொண்டு, சிறுநீர் மஞ்சளாக, நாக்கு வறண்டு வருவதை நிறையப் பார்க்கிறேன். இரண்டு வேளைகளுக்கு இடையே வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளைச் சக்கரைதானுங்களே கெடுதல்? நாங்க வீட்டுல நாட்டுச் சக்கரைதான் போடறோம்.

இந்தக் கேள்விக்கு பதில் சொல்லும்போது எனக்கே மனம் சங்கடப்படும். கரும்பு விளைவித்து, ஆலையாட்டி, வெல்லம் காய்ச்சும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஆனால் நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். அதில் உள்ள சிறிதளவு தாது உப்புகள் அது குடலில் இறங்கும் வேகத்தை மாற்றாது. தேன், கருப்பட்டி, பதநீர், கரும்புச்சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில். பால் சேர்த்த இனிப்புகள் சிலருக்கு மேலும் தொல்லை தரும். ஏனெனில் அறுவைக்குப் பிறகு பால் சர்க்கரை சரியாகச் செரிக்காமல் போவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கம்பங்கூழும் ராகிக் களியும் உடம்புக்கு நல்லதுதானுங்களே, சாப்பிடலாமுங்களா?

தானியம் நல்லதுதான். கவனிக்க வேண்டியது அதன் பதத்தை. கரைத்துக் குடிக்கும் கூழ் நீர்ப்பொருள்; மேலே சொன்னபடி அது விரைந்து இறங்கிவிடும். அதே கம்பைச் சோறாக்கி, கெட்டிக் கொள்ளுப் பருப்போடு சிறிதளவு உண்டால் மெதுவாக இறங்கும்.

களியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதான் நம் பழக்கம். இணைப்பு குறுகலாக இருக்கும் வயிற்றில் அந்த உருண்டை அடைத்துக்கொள்ளலாம். நெல்லிக்காயளவு எடுத்து, வாயில் கரையும் வரை வைத்திருந்து விழுங்க முடிந்தால் உண்ணுங்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேண்டாம். பனங்கிழங்கு நார், முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றையும் விழுங்காதீர்கள். அமிலமும் அரைப்பும் குறைந்த இரைப்பையில் நார் பந்தாகத் திரண்டு அடைப்பை உண்டாக்கும்.

எதைத் தின்னாலும் வருதுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலை.

ஒரு நோட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று நாட்களுக்கு, என்ன உண்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதுங்கள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் 48 வயதுக்காரர் ஒருவர் கொண்டுவந்த நோட்டை இங்கே சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு இரைப்பையின் கீழ்ப்பாதியை எடுத்திருந்தார்கள்; அதன் பின் 9 கிலோ இளைத்திருந்தார். காலை 7.40க்குச் சந்தகை, தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை, கூடவே ஒரு டம்ளர் காபி. 7.55க்குப் படபடப்பும் வயிற்று உருட்டலும், 8.10க்குப் பேதி. 9.50க்குத் தறி முன்னால் நிற்கும்போது கை நடுங்கி, சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. உடனே டீயும் பன்னும், 10.10க்குத் தெளிந்துவிட்டது. 11.45க்கு மறுபடி அதே நடுக்கம். உண்ணவே பயந்து, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இளைத்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

நோட்டைப் படித்தவுடன் இரண்டு வகையும் அவருக்கு இருப்பது தெரிந்தது. மறுநாள் 9.50க்கு விரல் குத்திப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை 51 இருந்தது. நொய்ய மாவு, பாலின் நீர், இனிப்பு, அதன்மேல் காபி எனக் குடலில் விரைந்து கொட்டுவதற்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு வேளையில் சேர்ந்திருந்தன. காலை உணவை மட்டும் முதலில் மாற்றினோம். 7.30க்கு ஒரு வேகவைத்த முட்டை, பிறகு அரைக் கிண்ணம் கெட்டிக் கொள்ளுப் பருப்பு, கடைசியாக ஒரு இட்லி. புரதம் முதலில், மாவு கடைசியில் என்ற வரிசையிலேயே, 25 நிமிடம் எடுத்து உண்ண வேண்டும். உண்டதும் 20 நிமிடம் படுத்திருக்க வேண்டும். படுத்தால் உணவு இறங்குவது சற்றுத் தாமதப்படும். காபி 8.40க்கு, சர்க்கரை இல்லாமல். 10 மணிக்குத் தறியருகிலேயே ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை.

நான்காம் நாள் 9.50க்கு அளவு 84. பத்து நாளில் காலைப் பேதி ஒரே ஒருமுறைதான் வந்திருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒப்பிட்டு என்னும் இனிப்புப் போளி சாப்பிட்ட நாள் அது. அதன் பிறகே மற்ற வேளைகளைத் தொட்டோம்: நாளுக்கு ஆறு சிறு வேளைகள், ஒவ்வொன்றிலும் முட்டை, கோழி, மீன், பயறு, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் உண்டு என்பதால், ஒரே பொருளை நம்பி இந்தக் கணக்கை எட்ட முடியாது.

நடுக்கம் வந்தா உடனே இனிப்பு சாப்பிட்டாச் செரியாயிருது. அப்படியே பண்ணிக்கலாமுங்களா?

அந்த நேரத்தில் இனிப்பு வேண்டும், அது சரியே. ஆனால் இனிப்போடு நிறுத்தினால் அதுவே அடுத்த ஏற்றத்துக்கும் அடுத்த தாழ்வுக்கும் காரணமாகிவிடும். மேலே சொன்ன தறிக்காரருக்கு 11.45க்கு மறுபடி வந்த நடுக்கம், 10 மணிக்குச் சாப்பிட்ட டீயும் பன்னும் கொண்டுவந்ததே.

முடிந்தால் முதலில் அளந்து பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தூள், அதாவது ஏறக்குறைய 15 கிராம், சிறிது நீரில் கலந்து குடித்து 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடி அளந்து, இன்னும் தாழ்ந்தே இருந்தால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ கட்டாயம் உண்ணுங்கள். அளக்கும் கருவி கைவசம் இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் குளுக்கோஸ். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழைக்க வேண்டும். நடுக்கம் அடிக்கடி வருகிறவர்கள், அது கட்டுக்குள் வரும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

எனக்குச் சக்கரை வியாதியே இல்லீங்க. டாக்டர் எதுக்குச் சக்கரை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு?

அது அகார்போஸ் என்ற மாத்திரையாக இருக்கும். குடலில் மாவும் சர்க்கரையும் உடைபடுவதை அது தாமதப்படுத்துகிறது. இரத்தச் சர்க்கரை குபீரென்று ஏறாவிட்டால் இன்சுலினும் அளவுக்கு மீறாது. உணவை மாற்றியும் பிந்திய டம்பிங் அடங்காதபோது இதைத் தருகிறார்கள். முதல் வாய் உணவோடு விழுங்க வேண்டும். வாயுத் தொல்லை உண்டாகும் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

இதை எடுப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். நடுக்கம் வந்தால் இவர்களுக்குச் சர்க்கரையோ வெல்லமோ உடனே உதவாது. அவற்றை உடைப்பதைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் தூள் மட்டுமே விரைந்து வேலை செய்யும், அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். இதுவும் போதாதபோது ஆக்ட்ரியோடைடு ஊசி போன்ற வழிகள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து, அறுவைக்குப் பிறகும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டிருந்தால், தாழ்வுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்லாத்தான் சாப்பிடறேன், அப்பவும் ரத்தம் இல்லைங்கறாங்களே, ஏனுங்க?

இரும்புச்சத்து கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அது உறிஞ்சப்படும் முதன்மையான இடம் சிறுகுடலின் தொடக்கப்பகுதி. பல அறுவைகளில் அமிலமும் குறைகிறது, அந்தப் பகுதியும் உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. ஆகவே தட்டில் இருப்பது இரத்தத்துக்குப் போவதில்லை. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு எடுக்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச்சத்திலும் அமிலத்தை நம்பியிராத சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பி12 வைட்டமின் இன்னும் நயவஞ்சகமானது. அதை உறிஞ்சத் தேவையான ஒரு புரதத்தை இரைப்பைச் சுவர்தான் சுரக்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. அது தீர்ந்த பின் கால் மரத்துப் போதல், நடையில் தள்ளாட்டம், மறதி என்று வெளிப்படும். இந்நிலையில் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்த அளவு தேறியது போலத் தோன்றும். நரம்புச் சேதம் மட்டும் தொடரும். முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு பி12 வாழ்நாள் முழுவதும் தேவை. பெரும்பாலும் மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாகப் போடுகிறார்கள். உடல் தெம்பாக இருக்கிறது என்று அதை நிறுத்தியவர்களைத்தான் சில ஆண்டுகள் கழித்துக் கைத்தடியோடு பார்க்க நேர்கிறது.

நாலு நாளா வாந்திங்க, ஒரே களைப்பு. பக்கத்துல போயி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தறலாமுங்களா?

தயமின் எனப்படும் பி1 வைட்டமின் போடாமல் ஏற்றாதீர்கள். உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்கு மட்டுமே போதும். தொடர்ந்து வாந்தி எடுத்தால் விரைவில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால், எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது, நடை தடுமாறுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். மருத்துவரிடம் "எனக்கு இரைப்பையில் அறுவை ஆகியிருக்கிறது, பல நாளாக வாந்தி, தயமின் முதலில் போடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. சில நாட்களாக வாந்தி நிற்கவில்லை என்றால் அறுவை செய்த மருத்துவரிடமே போக வேண்டும்.

எம்பொண்ணு பைபாஸ் பண்ணியிருக்கா, இப்போ மாசமா இருக்கா. ஆஸ்பத்திரியில சக்கரைத் தண்ணி குடிக்கச் சொல்றாங்க. குடிக்கலாமுங்களா?

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யப்படும் அந்தச் சோதனையில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கு அது டம்பிங்கை நேரடியாகத் தூண்டிவிடும். கிடைக்கும் அளவையும் நம்ப முடியாது. குடிக்கும் முன்பே அறுவை பற்றிச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பிறகும் விரல் குத்தி அளந்து கொடுக்கும் முறை இருக்கிறது. இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் அளவையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

எது வந்தாலும் டம்பிங்தான்னு இருந்தறலாமுங்களா? எப்போங்க பயப்படணும்?

டம்பிங் என்பது உணவோடு கட்டப்பட்டது. உண்ணாதபோது வருவது டம்பிங் அல்ல. விடியற்காலை வெறும் வயிற்றில் சர்க்கரை தாழ்ந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அறுவை ஆன முதல் வாரங்களில் காய்ச்சலோடு நாடித்துடிப்பு தொடர்ந்து வேகமாக இருந்தால், தையல் கசிகிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

கறுப்பாகத் தார் போல மலம் போவது, இணைப்பில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிவதாக இருக்கலாம். பைபாஸ் செய்து மாதங்களோ ஆண்டுகளோ ஆனபின், சுருட்டிப் பிடிக்கும் கடும் வயிற்றுவலி வந்து, தானே விட்டு, மறுபடி வந்தால், குடல் உள்ளே ஓர் இடைவெளியில் சிக்கியிருக்கக்கூடும். வலி விட்டுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். விட்டிருக்கும் நேரத்திலேயே, டிஸ்சார்ஜ் தாளோடு, இரவானாலும் புறப்படுங்கள்.